டேட்டா என்ஜினியர் ரெஸ்யூமில் எண்களை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டா என்ஜினியர் வேலைக்கு வரும் ரெஸ்யூம்களைப் படித்து, எழுதியவரை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற பக்கத்தில் சில வருடங்களாக இருக்கிறேன். தெரிந்தவர்கள் ரெஸ்யூமை அனுப்பி "பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்பதும் நடக்கும். அப்படி வந்த கேள்விகளே இவை. உதாரணத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே ஒரு தம்பியின் ரெஸ்யூமைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு வருட அனுபவம், சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனி, க்ளையன்ட் ஒரு சில்லறை விற்பனை நிறுவனம். ரெஸ்யூம் வரிகளைத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்துக்கு மாற்றுவது உங்களுக்குச் சிரமமாக இருக்காது.

நான் பண்ணுவது தினமும் ஓடுகிற சாதாரண ஈ.டி.எல். வேலை. அதில் எழுத என்ன இருக்கிறது?

தம்பியின் ரெஸ்யூமில் முதல் வரி இது: "ஏர்ஃப்ளோ, பைத்தான், ஸ்னோஃப்ளேக் கொண்டு டேட்டா பைப்லைன்களை வடிவமைத்து, உருவாக்கி, பராமரித்தேன்." இதே வரியை வாரத்துக்குப் பத்து ரெஸ்யூமிலாவது பார்த்துவிடுகிறேன். பொய் கிடையாது. ஆனால் படித்து முடித்தால் மனதில் ஒன்றும் நிற்காது.

போனில் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டேன். டேட்டா எங்கிருந்து எங்கே போகிறது? எப்போது ஓடுகிறது? காலையில் அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? வராவிட்டால் அவர்களுக்கு என்ன ஆகும்? கடைகளின் ஆர்டர் டேட்டா மைஎஸ்க்யூஎல்லில் இருக்கிறது, இரவு ஒரு மணிக்கு அதை எடுத்து ஸ்னோஃப்ளேக்கில் மூன்று டேபிள்களாக்குகிறோம், காலை ஏழு மணிக்குக் கொள்முதல் டீம் டாஷ்போர்டைத் திறந்து எந்தக் கடைக்கு என்ன சரக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறது, டேட்டா வராத நாளில் முந்தைய நாள் கணக்கை வைத்தே சரக்கு போகும் என்றார். கடைசி விஷயத்தைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. அத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறார்.

அதுதான் ரெஸ்யூமில் வர வேண்டும். "கொள்முதல் டீம் காலை 7 மணிக்குச் சரக்கு ஒதுக்கப் பயன்படுத்தும் ஆர்டர் டேட்டாவை மைஎஸ்க்யூஎல்லிலிருந்து ஸ்னோஃப்ளேக்குக்குக் கொண்டு வரும் இரவு பைப்லைனின் பொறுப்பாளர்." டூல்கள் குறைந்துவிட்டன, வேலை தெரிகிறது.

டேட்டா அளவை எப்படி எழுதுவது? டெராபைட் கணக்கு இருந்தால்தான் மதிப்பா?

இல்லை. பெரிய அளவை எழுதினால், அதற்கேற்ற பெரிய கேள்விகள் வரும். அவ்வளவே.

இங்கே எல்லாரும் குழப்பிக்கொள்வது, இருப்பையும் வரத்தையும். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது ஒன்று, மதகு வழியாகத் தினம் எவ்வளவு வருகிறது என்பது வேறு. தம்பி "40 கோடி ரெக்கார்டுகளைக் கையாண்டேன்" என்று எழுதியிருந்தார். டேபிளில் இருப்பது 40 கோடிதான். ஆனால் ஒரு நாளில் புதிதாக வருவதும் மாறுவதும் சுமார் 6 லட்சம். பைப்லைனை வடிவமைப்பதில் எந்த முடிவையும் தீர்மானிப்பது இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான். 6 லட்சம் மாற்றத்துக்காக 40 கோடியையும் தினம் திருப்பி எழுதினால் காசு வீண் என்பது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் படிப்பவருக்குத் தானாகவே விளங்கும். அதனால் இரண்டையும் எழுதுங்கள்.

டெராபைட்டில் எழுதுவதாக இருந்தால், அது சுருக்கிய அளவா சுருக்காத அளவா என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னோஃப்ளேக் காட்டுவது சுருக்கிய பின் உள்ள அளவு. சி.எஸ்.வி.யாக வந்தபோது அதைவிடப் பல மடங்கு இருந்திருக்கும். ஒரே டேட்டாவுக்கு இரண்டு பேர் இரண்டு எண் சொல்லுவது இதனால்தான். ரெக்கார்டு எண்ணிக்கையில் அந்தத் தகராறு இல்லை.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் ரெஸ்யூமில் லட்சம், கோடி வேண்டாம். 40 கோடி என்பது 400 மில்லியன், 6 லட்சம் என்பது 600 ஆயிரம். மாற்றும்போது ஒரு சைபர் கூடிப்போன ரெஸ்யூம்களையும் பார்த்திருக்கிறேன்.

ஸ்னோஃப்ளேக் செலவைக் குறைத்தேன். எத்தனை சதவீதம் என்று போடுவது?

இதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். தம்பி "செலவை 92% குறைத்தேன்" என்று போட்டிருந்தார். அது எப்படி வந்தது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

முன்பு தினமும் மூன்று டேபிள்களில் இரண்டை முழுதாகத் திருப்பிக் கட்டி, மூன்றாவதில் அன்றைய கணக்கைச் சேர்த்தார்கள். லார்ஜ் அளவு வேர்ஹவுஸ், இரண்டரை மணி நேரம். லார்ஜுக்கு ஒரு மணி நேரத்துக்கு 8 கிரெடிட். ஓர் இரவுக்கு 20, முப்பது இரவுக்கு 600 கிரெடிட். தம்பி செய்தது, மாறிய ரெக்கார்டுகளை மட்டும் எடுத்து `MERGE` செய்வது. தாமதமாக வந்து சேருகிறவற்றுக்காக மூன்று நாள் பின்னோக்கிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொண்டார். இப்போது மீடியம் அளவு போதும். அதற்கு மணிக்கு 4 கிரெடிட். ஓடும் நேரம் 24 நிமிடம். ஓர் இரவுக்கு 1.6, மாதத்துக்கு 48. 600 போய் 48 ஆனால் 92% குறைவு. கணக்கு சரி.

சரி, மைஎஸ்க்யூஎல்லில் ஒரு ஆர்டரை அடியோடு அழித்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அழிந்த ரெக்கார்டுக்கு `updated_at` ஏது? மாறியதை மட்டும் தேடும் பைப்லைன் கண்ணில் அது படவே படாது. ஸ்னோஃப்ளேக்கில் அந்த ஆர்டர் பேயாக உட்கார்ந்திருக்கும். "அதுக்குத்தாண்ணா ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழையபடி முழுசா ஓட்டுறோம்" என்றார். நல்ல ஏற்பாடு. ஆனால் அது 92-க்குள் வரவில்லை. நான்கு ஞாயிறுக்கு 80 கிரெடிட், மீதி 26 இரவுக்கு 41.6, மொத்தம் 121.6. உண்மையான குறைவு சுமார் 80%.

இன்னொன்றும் பாக்கி. 80% எதில்? அந்த ஒரு பைப்லைனில். அதே வேர்ஹவுஸில் மற்ற வேலைகளும் ஓடுகின்றன. மொத்தம் மாதம் 900 கிரெடிட்டாக இருந்தது சுமார் 420 ஆனது, அதாவது 53% குறைவு. கம்பெனியின் மொத்த ஸ்னோஃப்ளேக் கணக்கு 2300 கிரெடிட், அதில் பார்த்தால் 21%. மூன்றுமே உண்மை. "ஸ்னோஃப்ளேக் செலவை 80% குறைத்தேன்" என்று மொட்டையாக எழுதினால் மட்டும் பொய்யாகிவிடும். ஏனென்றால் படிப்பவர் கம்பெனி பில்லையே நினைப்பார். நான் சொன்னது இது: "இந்தப் பைப்லைனின் மாதச் செலவு 600 கிரெடிட்டிலிருந்து சுமார் 120 ஆனது, மிச்சமானது மொத்த ஸ்னோஃப்ளேக் பில்லில் ஐந்தில் ஒரு பங்கு."

92 போய் 21 என்று வந்தால் சின்னதாகத் தெரிகிறதே என்று தம்பிக்கு மனம் வரவில்லை. பேனலில் உட்காருகிறவனாகச் சொல்கிறேன், மொத்த பில்லில் எத்தனை பங்கு என்று தெரிந்து வைத்திருக்கும் நான்கு வருட அனுபவக்காரர் அபூர்வம். அந்த வரியைப் பார்த்தால் நான் பேனாவை எடுத்து அடிக்கோடு போடுவேன்.

டாலரில் எழுத வேண்டாமா என்றும் கேட்பார்கள். ஒரு கிரெடிட்டின் விலை எடிஷன், பகுதி, கம்பெனி போட்ட ஒப்பந்தம் மூன்றையும் பொறுத்தது. ஒப்பந்த விலை உங்களுக்குத் தெரியாவிட்டால் கிரெடிட்டிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் எங்கிருந்து எடுப்பது? அப்போது யாரும் எழுதி வைக்கவில்லையே?

ஸ்னோஃப்ளேக் தானே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ரோலுக்கு அனுமதி இருந்தால் இது போதும்:

```sql
SELECT DATE_TRUNC('month', start_time) AS month,
       SUM(credits_used) AS credits
FROM snowflake.account_usage.warehouse_metering_history
WHERE warehouse_name = 'ETL_WH'
GROUP BY 1
ORDER BY 1;
```

இதில் ஒரு வருட விவரம்தான் இருக்கும். மாற்றம் செய்து ஒன்றரை வருடம் கழித்து ரெஸ்யூம் எழுத உட்கார்ந்தால் "முன்பு" என்ற பாதி காணாமல் போயிருக்கும். மாற்றம் செய்த வாரத்திலேயே ஓட்டிப் பார்த்து, மாத மொத்தத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி ரிப்போர்ட்டை வீட்டு மெயிலுக்கு அனுப்புவது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போவது எல்லாம் வேண்டாத வம்பு.

இன்னொன்று. இந்த வினவல் தருவது வேர்ஹவுஸ் மொத்தம். ஒரு பைப்லைனுக்கு மட்டும் எவ்வளவு என்பதைத் தம்பி மாதிரி நேரத்தையும் அளவையும் பெருக்கிப் பார்க்கலாம். அதே நேரத்தில் அந்த வேர்ஹவுஸில் வேறு வேலையும் ஓடியிருந்தால் அந்தக் கணக்கு தோராயம்தான். "சுமார்" என்று போடக் கூச்சப்பட வேண்டாம்.

வேகத்தை எப்படி எழுதுவது? "6 மடங்கு வேகம்" என்று போடலாமா?

இரண்டரை மணி நேரம் 24 நிமிடமானது என்று இரு முனைகளையும் எழுதுங்கள். மடங்கைப் படிப்பவரே கண்டுகொள்வார். 24 என்பது நன்றாக ஓடிய ஒரு நாளின் நேரமாக இருக்கக் கூடாது. நான்கு வாரத்து ஓட்டங்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள். தம்பியின் விஷயத்தில் "ஞாயிறு தவிர" என்ற இரண்டு சொல்லும் வேண்டும்.

வேகம் கூடியது எதனால் என்பதும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். வேர்ஹவுஸை ஒரு சைஸ் பெரிதாக்கினால் பல வேலைகள் பாதி நேரத்தில் முடியும். மணிக்கான கிரெடிட் இரண்டு மடங்கு, நேரம் பாதி, ஆகச் செலவு ஏறக்குறைய அதேதான். அதைச் செய்வதும் சரியான முடிவாக இருக்கலாம், ஆனால் அது ஒரு பட்டனை மாற்றியது. தம்பி சைஸைக் குறைத்தும் நேரம் குறைந்திருக்கிறது. அந்தப் பெருமையை அவர் முதல் ரெஸ்யூமில் எழுதவே இல்லை!

பைப்லைன் நம்பகத்தன்மை 99.9% என்று எழுதலாமா?

இரவுக்கு ஒரு முறை ஓடும் பைப்லைனுக்கா? 99.9% என்றால் ஆயிரம் இரவில் ஒன்றே ஒன்றுதான் தவறலாம். ஆயிரம் இரவு என்பது இரண்டே முக்கால் வருடம். இந்த எண் இணையதளம் நடத்துகிறவர்களிடமிருந்து வந்து ரெஸ்யூம்களில் ஒட்டிக்கொண்டது. நம் வேலையில் கெடுவுக்குள் வந்ததா, சரியாக வந்ததா என்ற இரண்டுமே கேள்வி.

தம்பியிடம் காலை 7 மணிக் கெடுவை வைத்து எண்ணச் சொன்னேன். மாற்றத்துக்கு முந்தைய 180 இரவில் கெடுவுக்குள் வந்தது 151. பிந்தைய 180 இரவில் 177. இதை அப்படியே எழுதலாம், சதவீதமே வேண்டாம்.

இந்த எண்ணைப் பார்த்ததும் நான் கேட்கும் அடுத்த கேள்வி, முன்பு 29 இரவு ஏன் தவறியது என்பது. அவரிடம் நல்ல பதில் இருந்தது. மைஎஸ்க்யூஎல் இணைப்பு நடுவில் அறுந்தால் இரண்டரை மணி நேர வேலை முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரே இரவில் இரண்டு முறை அறுந்தால் கெடு போச்சு. அதைவிட மோசமானது மூன்றாவது டேபிள். மற்ற இரண்டும் அழித்து எழுதப்படுபவை, இது மட்டும் பழையதோடு சேர்த்து எழுதப்படும் தினசரி விற்பனைச் சுருக்கம். பாதியில் விழுந்து மறுபடி ஓட்டினால் அன்றைய விற்பனை இரண்டு தரம் ஏறிவிடும். யாராவது எழுந்து கையால் அழிக்கும்வரை மறுபடி ஓட்டவே பயம். அந்த நாளின் ரெக்கார்டுகளை அழித்து எழுதுவதை ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்த பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றுதான். அதன் பிறகுதான் ஏர்ஃப்ளோவில் தானாக மூன்று முறை முயற்சிக்கும்படி விட முடிந்தது.

"மறுபடி ஓட்டினாலும் இரட்டிப்பாகாதபடி எழுதினேன்" என்ற வரி இல்லாமல் "ரீட்ரை சேர்த்தேன்" என்று மட்டும் ரெஸ்யூமில் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இரட்டிப்பை இன்னும் வேகமாக உண்டாக்கும் வழி அது.

ஏர்ஃப்ளோவில் வெற்றி எத்தனை, தோல்வி எத்தனை என்று எண்ணினால் போதாதா?

போதாது. தோற்ற ஓட்டத்தை `Clear` செய்து மறுபடி ஓட்டினால் அதே ரெக்கார்டு `success` என்று மாறிவிடும். காலை பத்து மணிக்குக் கையால் தேற்றி எடுத்த இரவும் வெற்றிக் கணக்கில் போய்ச் சேரும். தம்பி முதலில் இப்படி எண்ணித்தான், தோல்வியே இல்லை என்று மகிழ்ந்துபோனார். அதனால் நிலையை மட்டும் பார்க்காமல், முடிந்த நேரத்தையும் பாருங்கள். ஏர்ஃப்ளோவுக்குப் பின்னால் போஸ்ட்கிரஸ் இருந்தால்:

```sql
SELECT COUNT(*) FILTER (
         WHERE state = 'success'
           AND (end_date AT TIME ZONE 'Asia/Kolkata')::time <= '07:00'
       ) AS on_time,
       COUNT(*) AS total
FROM dag_run
WHERE dag_id = 'orders_nightly'
  AND run_type = 'scheduled';
```

நேரம் யு.டி.சி.யில் சேமிக்கப்படுவதால் அந்த மாற்றத்தை மறக்கக் கூடாது. பழைய நாட்களைப் பல மாதம் கழித்துத் திரும்ப ஓட்டியிருந்தால் அவற்றின் `end_date`-உம் மாறியிருக்கும், அந்த நாட்களைத் தனியாக விலக்குங்கள். எதற்கும் டீம் சாட்டில் காலையில் வந்த புலம்பல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது பொய் சொல்லாது.

டூல் பட்டியலில் எத்தனை போடலாம்?

கீழே உள்ள வேலை வரிகளில் எங்காவது வரும் டூல்களை மட்டும். தம்பி 27 போட்டிருந்தார், அதில் காஃப்கா உண்டு. எங்கே பயன்படுத்தினீர்கள் என்றால், பக்கத்து டீம். 11 ஆகக் குறைத்தோம். எழுத்துக்கூட்டலை விளம்பரத்தில் இருப்பது போலவே எழுதுங்கள், `PySpark`, `dbt`, `BigQuery` என்று. தேடல் வைத்து வடிகட்டும் இடங்களில் அது உதவும்.

என்னுடையது சப்போர்ட் ப்ராஜெக்ட். எதையும் நான் கட்டவில்லை. என்ன எழுத?

எதனால் உடைகிறது என்று கட்டினவரைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். "மாதம் 60 டிக்கெட் தீர்த்தேன்" என்பதை விட்டுவிடுங்கள், அது உழைப்பைத்தான் சொல்கிறது. மூன்று மாத டிக்கெட்டுகளைக் காரணவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வரும். அனுப்புகிறவர் ஃபைலில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துவிடுவது அதில் நிச்சயம் இருக்கும். ஃபைல் உள்ளே வரும்போதே நெடுவரிசைகளைச் சரிபார்த்து ஒதுக்கி வைக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அந்த வகை டிக்கெட் மாதம் 14-லிருந்து 2 ஆனால், அது ரெஸ்யூமுக்கு உரிய வரி.

டீமாகச் செய்ததை என் பெயரில் எழுதலாமா?

உங்கள் பங்கைப் பிரித்து எழுதுங்கள். "நான்கு பேர் டீமில் ஆர்டர் பைப்லைன் என் பொறுப்பு." இன்டர்வியூவில் இரண்டாவது "ஏன்" கேள்வியிலேயே யார் செய்தது என்று தெரிந்துவிடும்.

க்ளையன்ட் பெயரையும் எண்களையும் வெளியே சொல்லலாமா?

பெயர் வேண்டாம், "சில்லறை விற்பனை நிறுவனம்" போதும். ஒப்பந்தத்தில் எண்களுக்கும் தடை இருந்தால் விகிதமாக எழுதுங்கள். விற்பனைத் தொகை, வாடிக்கையாளர் எண்ணிக்கை போன்றவை அவர்கள் வியாபார ரகசியம், தொடவே கூடாது. உங்கள் பைப்லைன் எத்தனை நிமிடம் ஓடியது என்பதைச் சொல்வதில் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை, ஆனாலும் ஒப்பந்தத்தை ஒரு முறை படித்துவிடுங்கள்.

பிரெஷர் நான். என்னிடம் எந்த எண்ணும் இல்லையே?

நியூயார்க் டாக்ஸிப் பயண டேட்டாவை எடுத்து எல்லாரும் ப்ராஜெக்ட் செய்கிறார்கள். தப்பில்லை, மஞ்சள் டாக்ஸிக்கே மாதம் பல லட்சம் ரெக்கார்டு வரும். அதை லோடு செய்தேன் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரே மாதத்தை மூன்று முறை ஓட்டி எண்ணிக்கை மாறவில்லை என்று காட்டுங்கள். நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி ஓட்டியபோது என்ன ஆனது என்று எழுதுங்கள். அந்த டேட்டாவில் ஃபைலின் மாதத்துக்குச் சம்பந்தமில்லாத தேதிகள்கூட இருக்கும், அவற்றை எங்கே ஒதுக்கினீர்கள் என்பதும் ஒரு வரி.

முழுதாக எழுதி முடித்தால் எப்படி இருக்கும்?

தம்பியின் ரெஸ்யூமில் அந்தப் ப்ராஜெக்டுக்குக் கீழே கடைசியில் நின்றவை நான்கு வரிகள்:

- கொள்முதல் டீம் காலை 7 மணிக்குச் சரக்கு ஒதுக்கப் பயன்படுத்தும் ஆர்டர் பைப்லைனின் பொறுப்பாளர் (மைஎஸ்க்யூஎல் → ஸ்னோஃப்ளேக், ஏர்ஃப்ளோ). 40 கோடி ரெக்கார்டு, தினம் சுமார் 6 லட்சம் மாற்றம்.
- முழு லோடை மாற்றங்களை மட்டும் எடுக்கும் முறைக்கு மாற்றி, ஓடும் நேரத்தை (ஞாயிறு தவிர) 2.5 மணியிலிருந்து 24 நிமிடமாக்கினேன், ஒரு சைஸ் சிறிய வேர்ஹவுஸில். அழிக்கப்பட்ட ரெக்கார்டுகளுக்காக வாரம் ஒரு முழு லோடு.
- பைப்லைன் செலவு மாதம் 600 கிரெடிட்டிலிருந்து சுமார் 120. மொத்த ஸ்னோஃப்ளேக் பில்லில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்.
- மறுபடி ஓட்டினாலும் இரட்டிப்பாகாதபடி மாற்றி எழுதினேன். 7 மணிக் கெடுவுக்குள் வந்த இரவுகள் 180-க்கு 151-லிருந்து 177.

அந்த மூன்று இரவு ஏன் தவறியது என்று கேட்டேன். இரண்டு மைஎஸ்க்யூஎல் பராமரிப்பு, ஒன்று அவரே தப்பாக டெப்ளாய் செய்தது. அதை ரெஸ்யூமில் எழுத வேண்டாம், கேட்டால் சொல்லு என்றேன்.